ஒரு வேளை மாத்திரை விட்டுப்போனால்: வார்ஃபரினும் அபிக்ஸபானும்

வார்ஃபரினும் அபிக்ஸபானும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகள். வார்ஃபரினை இரவு 8 மணிக்குப் போடுபவர் 11 மணிக்கு நினைவு வந்தால் அப்போதே போடலாம். மறுநாள் காலையில்தான் நினைவு வந்ததா? விட்டுவிட வேண்டும். அன்றிரவு வழக்கமான அளவு மட்டும். தவறிய தேதியைக் குறித்து வைத்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் அடுத்த ஐ.என்.ஆர். பரிசோதனையின்போது சொல்லுங்கள். வார்ஃபரினின் வேலை சில நாள் நீடிப்பதால் ஒரு வேளை தவறியது உடனே பெரிதாகத் தெரியாது.

அபிக்ஸபான் அப்படியல்ல. இரத்தத்தில் அதன் அளவு சுமார் 12 மணி நேரத்தில் பாதியாகிவிடும். பாதுகாப்பும் சீக்கிரம் குறையும். அதனால்தான் தினம் இருவேளை. ஐரோப்பிய இதயத்துடிப்புச் சங்க வழிகாட்டுதல் தரும் கணக்கு, இடைவெளியில் பாதி, அதாவது 6 மணி நேரம். காலை 8 மணி மாத்திரையை மதியம் 1 மணிக்குப் போடலாம். மாலை 4 மணி ஆகிவிட்டால் விட்டுவிட்டு, இரவு 8 மணிக்கு ஒன்று மட்டும்.

இரண்டிலும், தவறிய மாத்திரையை அடுத்த வேளை மாத்திரையோடு சேர்த்துப் போடக் கூடாது. மருந்தாளர்கள் குழம்பும் விதிவிலக்கு ஒன்று உண்டு: இரத்த உறைவுக்கு, இதே வகை மருந்தான ரிவரோக்ஸபான் 15 மி.கி. இருவேளை தரும் முதல் 21 நாளில், அன்றைய 30 மி.கி. முழுமையாக இரண்டு மாத்திரையையும் ஒன்றாகப் போடலாம். அதன் பிறகு கூடாது.