மினிமம் பேலன்ஸ் இல்லை என்று 354 ரூபாய் பிடித்தார்கள், கணக்குப் போட்டுப் பார்த்தால் பேலன்ஸ் இருந்திருக்கிறது

தனியார் வங்கியில் சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர்கள், அதிலும் மாதச் சராசரி 10,000 ரூபாய் இருக்க வேண்டும் என்ற விதி உள்ள கணக்கு வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு உங்கள் ஸ்டேட்மெண்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஜூலை முதல் வாரத்தில் என் கணக்கில் 354 ரூபாய் கழிந்தது. ஜூன் மாதத்துக்கான அபராதம் 300, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 54. முன்கூட்டி ஒரு எஸ்எம்எஸ் கூட இல்லை, பணம் போன பிறகு வந்த எஸ்எம்எஸ்தான் முதல் தகவல்.

பெரம்பூர் கிளைக்குப் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "ஜூன் 18ஆம் தேதி உங்க பேலன்ஸ் 4,300க்கு இறங்கிடுச்சு சார், அதான் சார்ஜ் விழுந்திருக்கு" என்றார். இந்தப் பதில்தான் எனக்குக் கோபம் வரவைத்தது. விதி கேட்பது மாதச் சராசரியை. ஒரு நாள் 4,300 ஆனாலும் 43 ஆனாலும், மற்ற நாட்களில் இருந்த பணம் அதை ஈடு கட்டினால் போதும். மேலாளரிடம் போய், சிஸ்டத்தில் வந்திருக்கும் சராசரி எவ்வளவு என்று கேட்டு, அதை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டேன்: 9,843.33.

இப்போது கணக்கைச் சொல்கிறேன், உங்கள் கணக்குக்கும் இப்படித்தான். ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருந்த தொகையை எடுத்து, மாதத்தின் எல்லா நாட்களுக்கும் கூட்டி, நாட்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டேட்மெண்டில் வரவு செலவு நடந்த நாட்கள் மட்டுமே இருக்கும், ஒன்றும் நடக்காத நாட்களும் ஞாயிற்றுக்கிழமைகளும் அதில் தெரியாது, ஆனால் அந்த நாட்களிலும் பணம் கணக்கில் இருந்ததுதானே, அதனால் முந்தைய இருப்பையே அந்த நாட்களுக்கும் போட வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று வரிகள் இருந்தால் கடைசி வரியின் இருப்பு மட்டும். நெட் பேங்கிங்கில் சில ஸ்டேட்மெண்டுகள் புதியது மேலே, பழையது கீழே என்று தலைகீழாக வரும், அப்போது எது கடைசி வரி என்பதைக் கவனித்து எடுங்கள்.

மே 31 அன்று என் கணக்கில் இருந்தது 6,200. ஜூன் 5 சம்பளம் 22,000 வந்தது, அன்றைக்கே ஏடிஎம்மில் 5,000 எடுத்தேன், ஆக அன்றைய முடிவில் 23,200. 10ஆம் தேதி வாடகை 12,000 போனது. 18ஆம் தேதி இன்சூரன்ஸ் பிரீமியம் 6,900. கைமாற்றாகக் கொடுத்திருந்த 9,000 ரூபாய் திரும்பி வந்ததும் 28ஆம் தேதி அதைப் பணம் போடும் மெஷினில் போட்டேன். இதை இருப்பு மாறாத துண்டுகளாகப் பிரித்தால்:

ஜூன் 1 – 4: 6,200 × 4 நாள் = 24,800
ஜூன் 5 – 9: 23,200 × 5 நாள் = 1,16,000
ஜூன் 10 – 17: 11,200 × 8 நாள் = 89,600
ஜூன் 18 – 27: 4,300 × 10 நாள் = 43,000
ஜூன் 28 – 30: 13,300 × 3 நாள் = 39,900

மொத்தம் 3,13,300. முப்பதால் வகுத்தால் 10,443.33. விதிக்கு மேலேயே இருக்கிறது. நாட்களைக் கூட்டினால் சரியாக 30 வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள், வரவில்லை என்றால் எங்கோ ஒரு நாள் விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை விழுந்திருக்கிறது. எக்செல்லில் போடுபவர்கள் இருப்பை B பத்தியிலும் நாட்களை C பத்தியிலும் போட்டுவிட்டு இதைக் கொடுங்கள்:

```
=SUMPRODUCT(B2:B6,C2:C6)/SUM(C2:C6)
```

ஸ்டேட்மெண்டில் தெரியும் இருப்புகளை மட்டும் கூட்டி, வரிகளின் எண்ணிக்கையால் வகுத்துவிடாதீர்கள். என் ஸ்டேட்மெண்டில் அப்படிச் செய்தால் 16,040 வரும், அது தப்பு. சம்பளம் வந்ததும் ஏடிஎம்மில் எடுக்கும் முன் இருந்த 28,200 என்ற இருப்பு நாள் முடிவில் இல்லவே இல்லை, 4,300 பத்து நாள் இருந்தது. அந்தக் கணக்கோடு கிளைக்குப் போனால் ஒரே நிமிடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும்.

சரி, வங்கிக்கு எப்படி 9,843.33 வந்தது? என் கணக்குக்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 600. அதை 30 நாளால் பெருக்கினால் 18,000. அதாவது 9,000 ரூபாய், இரண்டு நாள். உடனே புரிந்துவிட்டது, 28ஆம் தேதி போட்ட பணத்தை 30ஆம் தேதிதான் வந்ததாக எடுத்திருக்கிறார்கள். ஜூன் 28 நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. ஸ்டேட்மெண்டில் அந்த வரியைப் பார்த்தால் பரிவர்த்தனை தேதி 28, பக்கத்திலேயே வேல்யூ டேட் என்ற பத்தியில் 30. அதுவரை அந்தப் பத்தியை யாரும் எனக்குக் காட்டியதில்லை. மெஷின் கொடுத்த சீட்டில் 28 மாலை என்று நேரத்தோடு இருக்கிறது, அன்றைக்கே ஆப்பில் 13,300 காட்டியது, ஸ்டேட்மெண்டின் இருப்புப் பத்தியிலும் 28க்கு நேராக 13,300தான். அவர்களுடைய கட்டணப் பட்டியலிலோ "நாள் முடிவு இருப்புகளின் சராசரி" என்று எழுதியிருக்கிறது. அப்படியானால் எண்ணி வாங்கிய ரொக்கத்தை எந்த விதியின்படி இரண்டு நாள் இல்லாததாகக் கொள்வது? காசோலை என்றால் அது வேறு, பணம் கைக்கு வரும்வரை அதைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அங்கே வேல்யூ டேட் தள்ளிப்போவதில் நியாயம் இருக்கிறது.

இந்தக் கணக்கு, மெஷின் சீட்டின் படம், மேலாளர் எழுதிய எண், மூன்றையும் வைத்து மின்னஞ்சலில் புகார் கொடுத்தேன். கூடவே இன்னொன்றும் எழுதினேன். 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் ரிசர்வ் வங்கி விதிப்படி, இருப்பு குறைந்தால் வங்கி முதலில் எஸ்எம்எஸ், மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் தெரிவிக்க வேண்டும், சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் அபராதம். அபராதமும் எவ்வளவு குறைந்ததோ அதற்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். வங்கியின் கணக்கையே சரி என்று வைத்துக்கொண்டாலும் சராசரியில் குறைவு 156 ரூபாய் 67 காசுதான், அதற்கு 300 ரூபாய் அபராதமா? முன்னறிவிப்பு அனுப்பியதற்கு ஆதாரம் கேட்டேன், இன்றுவரை வரவில்லை.

முதலில் வந்த பதில் "சிஸ்டம் கணக்கு சரியானது" என்ற ஒற்றை வரி. நாள்வாரி இருப்புப் பட்டியலை அனுப்புங்கள், இல்லாவிட்டால் 30 நாள் முடிந்ததும் cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் போகிறேன் என்று எழுதிய பிறகுதான் 300 ரூபாய் திரும்ப வந்தது. ஜிஎஸ்டி 54ஐ விட்டுவிட்டார்கள். அதற்குத் தனியாக எழுதி வாங்க வேண்டியிருந்தது, நீங்கள் புகார் எழுதும்போதே இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

மாதக் கடைசியில் பணம் போட்டுச் சமாளிப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. 27ஆம் தேதி வரை என் கூட்டல் 2,73,400. மேலும் ஒன்றும் போடாமல் இருந்திருந்தால் 4,300 வீதம் மூன்று நாளுக்கு 12,900 சேர்ந்து 2,86,300 ஆகும், தேவை 3 லட்சம், குறைவது 13,700. அதை 28ஆம் தேதியே போட்டால் மூன்று நாளுக்கு எண்ணப்படும், 4,567 ரூபாய் போதும். 30ஆம் தேதி போட்டால் முழு 13,700ம் வேண்டும். மாத முடிவில் சனி, ஞாயிறு வந்தால் வெள்ளிக்கிழமைக்குள் போட்டுவிடுங்கள், இந்த வேல்யூ டேட் தகராறே வராது. மெஷின் சீட்டை அன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், அந்தத் தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும்.