சிக்னல் நிறைய, கோல் மட்டும் போகாது: 3ஜியில் நிற்பதா, சிம்மை மாற்றுவதா, வோல்ட்டியைத் திறப்பதா?

புதுப் போன். மேலே 4ஜி நிறையக் காட்டுகிறது, வாட்ஸ்அப்பில் படம் போகிறது, வருகிறது. ஆனால் எண்ணை அழுத்தினால் 4ஜி அடையாளம் மறைகிறது. சில நொடிகள் சத்தமே இல்லை. பிறகு Mobile network not available என்று திரையில் வந்து கோல் வெட்டுப்படுகிறது. ஒரு நிமிடத்துக்குள் 4ஜி திரும்பி வந்துவிடுகிறது. ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, புதுக்குடியிருப்பின் உட்பக்கம் என்று பல இடங்களில் இதே கதையைக் கேட்டுவிட்டேன். நெல் வெட்டும் மெசின் வாடகைக்கு விடும் எனக்கும் வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய போனில் இதுதான் நடந்தது. பெரும்போக அறுவடை நேரத்தில் வயல்காரர் நேரில் வந்து, "அண்ணை, போனை ஏன் ஓஃப் பண்ணி வச்சிருக்கிறியள்?" என்று கேட்டார். போன் அந்த நேரம் என் சட்டைப் பையில் ஓன் ஆகத்தான் இருந்தது.

போன் பழுது என்று முடிவெடுக்க முதல் காரணத்தைப் பார்ப்போம். 4ஜி என்பது டேற்றாவுக்காகவே கட்டப்பட்டது. பழைய முறைக் கோல் அதன்மேல் போகாது. அதனால் வோல்ட்டி இல்லாத போன் ஒவ்வொரு கோலுக்கும் 4ஜியை விட்டு 3ஜிக்கோ 2ஜிக்கோ இறங்கி, அங்கே கதைத்து முடித்துவிட்டு மேலே ஏற வேண்டும். வோல்ட்டி என்றால் அந்த இறக்கம் இல்லாமல் 4ஜியிலேயே கதைப்பது. செற்றிங்ஸில் அது VoLTE அல்லது 4G Calling என்று இருக்கும். கிளிநொச்சி நகரத்தில் 3ஜியும் நெருக்கமாக இருப்பதால் போன் இறங்கி ஏறுவது நமக்குத் தெரிவதில்லை. வயல்வெளியில் 4ஜி எட்டுகிற இடத்தில் 3ஜி எட்டாமல் போகலாம். அங்கே போன் முதலில் 3ஜியைத் தேடி இறங்கிப் பார்க்கிறது, பிடிமானம் இல்லை, 2ஜியைப் பிடிக்க முதல் நேரம் முடிந்து கோல் விழலாம்.

அதே சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டால் அதே வயல் வரம்பில் நின்று தெளிவாகக் கதைக்கலாம். இதனால்தான் பலர் புதுப் போனைக் குறை சொல்கிறார்கள். பட்டன் போன் எந்நேரமும் 2ஜியிலேயே நிற்கிறது, அது எங்கேயும் இறங்கத் தேவையில்லை.

சரி, மூன்று வழிகள். மூன்றையும் பாவித்துப் பார்த்துத்தான் மூன்றாவதில் நிற்கிறேன்.

முதலாவது, போனை 3ஜியிலோ 2ஜியிலோ கட்டி வைப்பது. செற்றிங்ஸில் Preferred network type என்ற இடத்தில் மாற்றினால் போதும், யாரையும் கேட்கத் தேவையில்லை. கோல் உடனே வேலை செய்யும். ஆனால் 2ஜியில் டேற்றா என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. 3ஜியில் கட்டினால் அந்த 3ஜியே எட்டாத வயலில் போன் முழுதாகச் செத்துப் போகும். அத்தோடு 3ஜி உலகம் முழுவதும் குறைந்துகொண்டு போகிறது. அமெரிக்காவின் மூன்று பெரிய நிறுவனங்களும் 2022 இல் நிறுத்தின, அவுஸ்திரேலியாவில் 2024 ஒக்டோபர் முடிவில் கடைசி 3ஜியையும் மூடத் தொடங்கினார்கள். கோல் மட்டும் எடுக்கிற அம்மா, அப்பாவுக்கு 2ஜி போதும், மாற்றச் சொல்லமாட்டேன். ஸ்மார்ட் போன் வாங்கியவருக்கு இது தற்காலிக வழிதான்.

இந்த வழிக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்ட்ரோய்ட் 12 இல் இருந்து பல போன்களில் Allow 2G என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. பாதுகாப்புக்காக அதை நிறுத்தி வைத்திருந்தால், அவசரக் கோலைத் தவிர வேறு எதற்கும் போன் 2ஜியைத் தொடாது. 3ஜியும் இல்லாத இடத்தில் அப்படிப்பட்ட போனுக்கு இறங்க இடமே கிடையாது.

இரண்டாவது, வேறு கம்பனி சிம். ஒரு கம்பனியின் சிம்மில் வோல்ட்டி வராத அதே போனில் இன்னொரு கம்பனியின் சிம் போட்டவுடன் தானாக வரலாம். காரணம், வோல்ட்டிக்கான அனுமதி போனின் மென்பொருளுக்குள் கம்பனி வாரியாக எழுதப்பட்டிருக்கிறது. எனவே புது சிம் வாங்க முதல் பக்கத்து வீட்டாரின் சிம்மைக் கொஞ்ச நேரம் வாங்கி உங்கள் போனில் போட்டுப் பாருங்கள். பிரச்சினை எண்தான். வங்கியின் ரகசிய இலக்கம் வருவது, பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் கொடுத்தது, வாடிக்கையாளர் எழுதி வைத்திருப்பது எல்லாம் பழைய எண். பழைய எண்ணை இரண்டாவது துளையில் வைத்திருந்தாலும் அதற்கு வரும் கோல் முன்போலவே விழும். தொடர்பு எட்டாத நேரத்தில் மட்டும் புது எண்ணுக்குத் திருப்பிவிட இந்தக் குறியீடு உதவும். இதை நகரத்தில் நின்று போடுவது நல்லது, திருப்பிய கோலுக்குக் கட்டணம் வெட்டலாம்.

```
**62*புது எண்#
##62#
```

முதல் வரி திருப்புவது, இரண்டாவது வரி நீக்குவது.

மூன்றாவது, இருக்கிற சிம்முக்கே வோல்ட்டியைத் திறப்பது. நான் சொல்ல வந்தது இதைத்தான். சாம்சங்கில் Connections, Mobile networks என்று போனால் VoLTE calls என்று சிம்முக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். மற்ற அன்ட்ரோய்ட் போன்களில் சிம் செற்றிங்ஸுக்குள் இருக்கும். இரண்டு சிம் என்றால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சுவிட்சே இல்லையா, அல்லது இருந்து ஓன் பண்ணியும் வேலை செய்யவில்லையா? கம்பனியின் சேவை எண்ணுக்கு எடுத்து, "என்ர நம்பருக்கு வோல்ட்டி போட்டிருக்கா?" என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். "கோல் போகுதில்லை" என்று மட்டும் சொன்னால் போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். என் விஷயத்தில் இரண்டு இடத்திலும் வேலை இருந்தது. சிம் பல வருடப் பழையது, அதே எண்ணுக்குப் புது சிம் மாற்றித் தந்தார்கள். எண்ணுக்கு வோல்ட்டியையும் அவர்கள் பக்கத்தில் திறந்தார்கள். போனை மறுபடி ஓன் பண்ணியபோது அதுவரை இல்லாத சுவிட்ச் வந்திருந்தது.

கம்பனி பக்கத்தில் திறந்தும் சுவிட்சே வரவில்லை என்றால் அந்தப் போனின் மென்பொருள் நம்ம கம்பனியை அறியவில்லை என்று அர்த்தம். ஷவோமி, ரெட்மி, போக்கோ வகைகளில் இதற்கு ஒரு மறைகுறியீடு உண்டு. கோல் எடுக்கும் இடத்தில் போட்டால், இந்தக் கம்பனிக்கு அனுமதி உண்டா என்று போன் பார்க்கும் சோதனை நின்று சுவிட்ச் தோன்றலாம்.

```
*#*#86583#*#*
```

இன்னொருதரம் போட்டால் சோதனை திரும்ப வந்துவிடும், ஆகவே ஒருதரம் போட்டுத் திரையில் வருவதை வாசியுங்கள். ஐபோனில் இப்படித் திறக்கும் குறியீடு இல்லை, கம்பனிக்கான அமைப்பு அப்பிளிடம் இருந்துதான் வர வேண்டும். ஐபோனை நான் நாளாந்தம் பாவித்ததில்லை, அதனால் அதைப்பற்றி இதற்குமேல் சொல்லமாட்டேன்.

திறந்தது உண்மையிலேயே திறந்ததா என்று எப்படித் தெரியும்? கோல் நடக்கும்போது மேலே பாருங்கள். 4ஜி அப்படியே நின்றால், அல்லது VoLTE, HD என்று அடையாளம் வந்தால் சரி. H, 3G, E என்று மாறினால் போன் இன்னும் இறங்கித்தான் கதைக்கிறது. இதைவிட உறுதியான சோதனை வேண்டுமென்றால் *#*#4636#*#* என்று போட்டு Phone information இல் LTE only தெரிவு செய்து கோல் எடுங்கள். இறங்கும் வழி அடைபட்ட நிலையிலும் கோல் போனால் அது வோல்ட்டிதான். சில போன்களில், முக்கியமாகச் சாம்சங்கில், இந்தப் பக்கம் திறக்காது. சோதனை முடிந்ததும் கட்டாயம் பழைய நிலைக்கு விடவேண்டும். 1990 அம்புலன்சுக்கோ 119 க்கோ எடுக்கும்போது போனுக்கு எல்லா வழியும் திறந்திருக்க வேண்டும். சாதாரணக் கோலை 4ஜியில் எடுக்கும் போன் அவசரக் கோலையும் 4ஜியில் எடுக்கும் என்று நினைக்க முடியாது. அவுஸ்திரேலியாவில் 3ஜியை மூடியபோது, வோல்ட்டி இருந்தும் அவசரக் கோலுக்கு 3ஜியைத் தேடுகிற போன்கள் இருந்ததால் அவற்றை வலையமைப்பில் இருந்தே தடுக்க வேண்டி வந்தது.

என் முடிவைத் தீர்மானித்தது வரும் கோல். வெளியே போகும் கோல் விழுந்தால் நமக்குத் தெரியும், வரம்பில் ஏறி நின்று திரும்ப எடுப்போம். வரும் கோல் விழுந்தால் தெரியவே தெரியாது. கோல் வந்திருக்கிறது என்று வலையமைப்பு 4ஜி வழியாகச் சொல்கிறது, போன் அதைக் கேட்டு 3ஜியைத் தேடி இறங்குகிறது, அது கிடைக்க முதல் நேரம் முடிகிறது. மணி அடிக்காது. எடுத்தவருக்கு "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்று கேட்கும். போன் கையிலேயே இருந்தும், சிக்னல் நிறைய இருந்தும், தவறிய அழைப்பு என்று கம்பனியின் குறுஞ்செய்தி மட்டும் பிந்தி வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வரும் கோல் இப்படிச் சத்தமில்லாமல் விழுவதால் பராமரிப்பும் முக்கியமாகிறது. கம்பனி பக்கத்தில் முறைப்படி திறந்து, போனின் மென்பொருளும் அந்தக் கம்பனியை அறிந்திருந்தால் அப்டேட் வந்தாலும் வோல்ட்டி அப்படியே இருக்கும். மறைகுறியீட்டால் திறந்தது அப்படியல்ல. பெரிய அப்டேட்டிலோ, போனை முழுதாக அழித்து அமைக்கும்போதோ பழைய நிலைக்குப் போய்விடலாம், அறிவித்தலும் வராது. ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் ஒருவரைக் கூப்பிடச் சொல்லி, மணி அடிக்கும்போது மேலே 4ஜி நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அதையும் வீட்டு வாசலில் பார்க்காமல் 3ஜி மெலிந்த இடத்தில் நின்று பார்க்க வேண்டும்.

வோல்ட்டிக்கும் எல்லை உண்டு. 4ஜியே அறுந்துபோகும் காட்டுப்பக்கத்தில் போன் பழையபடி இறங்கத்தான் வேண்டும், அங்கே கோல் நடுவில் வெட்டுப்படலாம். அந்த இடங்களில் பட்டன் போன்காரர்தான் கதைக்கிறார். அதனால் மெசினுக்குள் 2ஜி போன் ஒன்றையும் விட்டிருக்கிறேன், ஓட்டுகிற தம்பியின் சிம் அதில்.

வெளிநாட்டில் இருந்து ஒருவர் போன் வாங்கித் தருகிறேன் என்றால் எந்த நாட்டுக்குச் செய்த மொடல் என்று கேளுங்கள். இங்கே கடையில் வாங்குவதென்றால் காசு கொடுக்க முதல் உங்கள் சிம்மைப் போட்டு, கடைக்காரரின் போனில் இருந்து ஒரு கோல் எடுக்கச் சொல்லி, மேலே 4ஜி நிற்கிறதா என்று பாருங்கள்.