ஒரு சைஸ் பெருசா எடுக்காதீங்க: பையனோட கிரிக்கெட் கிட் பத்தி

ஏற்காட்டுல இருக்க ஃப்ரெண்டு, பையனுக்கு 11 வயசு, கோச்சிங் சேர்த்திருக்கேன் என்ன சைஸ் எடுக்கன்னு கேட்டான். அவனுக்கு ஃபோன்ல சொன்னத இங்கயும் போட்டுடறேன். சேலத்துல எந்த ஸ்போர்ட்ஸ் கடைக்குப் போனாலும் "வளர்ற பையன் சார், ஒரு சைஸ் பெருசா எடுங்க"ங்கறாங்க, கேட்டாலே கோவம் வருது. ஸ்கூல் யூனிஃபார்முக்கு அது சரி, ஹெல்மெட்டுக்கு சரியே இல்ல.

என் பையனுக்கு மாமா முதல்ல வாங்கிக் கொடுத்தது பெரியவங்க ஹெல்மெட்ல ஸ்மால் சைஸ். தலைக்கு நல்லாவே உக்காந்துச்சு, ஆனா பசங்க பந்த எடுத்து முகத்த மறைக்கிற கம்பி கிரில்லுக்கும் நெத்திக்கு மேல நீட்டிட்டு இருக்க பீக்குக்கும் நடுவுல அழுத்திப் பார்த்தேன், உள்ள போயிடுச்சு! பெரியவங்க பந்து குறுக்களவு 7.1 சென்டிமீட்டர் கிட்ட, 13 வயசுக்குக் கீழ ஆடுற பந்து 6.5 வரைக்கும் சின்னதா இருக்கலாம், அந்த வித்தியாசம் நேரா முகத்துக்குத்தான் வரும். அதனால உள்ள இருக்க ஸ்டிக்கர்ல பிஎஸ் 7928:2013ங்கற பிரிட்டிஷ் ஹெல்மெட் பாதுகாப்பு ஸ்டாண்டர்டு இருந்தா மட்டும் போதாது, ஜூனியர் பந்துக்கும் டெஸ்ட் பண்ணதான்னு படிங்க. பையன் பந்து தெரியலன்னு சொன்னாலும் கிரில் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி கேப்ப பெருசாக்காதீங்க.

அப்புறம் வாங்கின ஜூனியர் ஹெல்மெட்ட ஒரு சீசனுக்கு மேல யூஸ் பண்றோம். புருவத்துக்கு ஒரு இஞ்ச் மேல டேப் சுத்தி அளந்து எடுத்தோம். மாட்டி, ஸ்ட்ராப் போடாம தலைய இடம் வலமா ஆட்டச் சொல்லுங்க, நெத்தித் தோலோட சேர்ந்து ஹெல்மெட்டும் திரும்பணும், அது பாட்டுக்கு தனியா சுத்துனா பெருசு. குனிஞ்சா பீக் கண்ண மறைக்கக்கூடாது. இதுல எல்லாம் இந்த ஹெல்மெட் அருமை, வெயிட்டும் கம்மி.

கால்ல கட்டுற பேடுக்கு ஒரே விஷயம்தான், ஷூ போட்டு பேட்டிங் ஸ்டான்ஸ்ல நிக்கும்போது முழங்கால் சிப்பி பேடுல குறுக்க இருக்க ரோல்கள்ல நடு ரோல்ல உக்காரணும். பெருசா இருந்தா மேல் பாகம் தொடைய இடிக்கும், ரன் ஓடும்போது கால் தடுக்கும். தொடைக்குக் கட்டுற தை கார்டோட கீழ் ஓரம் பேடோட மேல் பாகத்துக்குப் பின்னாடி கொஞ்சம் மறையணும், நடுவுல வெறும் தொடை தெரிஞ்சா பந்து கரெக்டா அங்கதான் படும். மேல இடுப்பு எலும்ப முட்டுச்சுன்னா பையன் குனியவே மாட்டான். அந்தரங்க இடத்துல அடி படாம வைக்கிற பாக்ஸுக்கு பை வச்ச டைட்டான ஜட்டி கண்டிப்பா வேணும், சாதா ஜட்டில சொருகுனா ரெண்டு ரன் ஓடுறதுக்குள்ள நகர்ந்துடும். ஓரம் உடம்போட ஒட்டி நிக்கணும், தொடை இடுக்குல அறுக்கக்கூடாது.

ஹெல்மெட்டுக்கு வருவோம். சேலம் வெயில்ல வேர்வை ஊறி ஊறி உள்ள இருக்க ஸ்பாஞ்ச் வெல்க்ரோவோட பிஞ்சு வந்துடுச்சு, ஒரு ஸ்பாஞ்ச் போனதும் சரியா இருந்த ஹெல்மெட் லூஸ் ஆகி மூக்கு மேல இறங்குது. ஸ்பாஞ்ச் மட்டும் தனியா கேட்டா கடைக்காரர் புது ஹெல்மெட் எடுங்கங்கறாரு. பாதுகாப்புல ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனா இந்த மாடல மறுபடி எடுக்க மாட்டேன், ஃப்ரெண்டு கிட்டயும் ஸ்பாஞ்ச் தனியா கிடைக்கும்னு கடைக்காரர் சொன்னா மட்டும் எடுன்னு சொல்லிட்டேன்.