வலையும் தேதியும்: இரண்டு வரைவுகள்

நாகர்கோவிலில் நடக்கும் ஆங்கில விவாதப் போட்டிக்கு அண்ணன் மகள் இரண்டு வரைவுகள் எழுதி வந்தாள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கான தடை தொடர வேண்டும் என்பது அவள் கட்சி.

முதல் வரைவு, 2019 ஜனவரி 1 அன்று தமிழகத்தில் தடை வந்ததைச் சொல்லித் தொடங்கியது. சரியான தகவல்தான். ஆனால் முன்னால் பேசுபவர்களும் அதையே சொல்லிவிடுவார்கள்.

இரண்டாவதில் குளச்சல் கரையில் அவள் மாமா வலையை உதறுகிறார். மூன்று மீன், ஏழு கவர். அப்புறம் இரண்டு விநாடி மௌனம். இதையே எடுக்கச் சொன்னேன்.

மறுப்பில்தான் பெரிய வித்தியாசம். முதலாவது, எதிரணி சொல்வது தவறு என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறது. இரண்டாவது, சிறு கடைக்காரருக்குச் செலவு கூடும் என்ற வாதத்தை முழுதாகச் சொல்லி, அது உண்மை என்று ஒப்புக்கொள்கிறது. பிறகு, "கிழிந்த வலைக்கு யார் காசு கொடுப்பது?" என்று கேட்கிறது. தொடக்கத்தில் வந்த வலை அங்கே திரும்ப வருகிறது. நடுவர் மனதில் அது நிற்கும்.

ஒரே ஆபத்து, எதிரணி அந்த வாதத்தைத் தொடாமலே போகலாம். அப்போது மனப்பாட மறுப்பு அந்தரத்தில் தொங்கும். "மக்ளே, வேலையிழப்புக்கும் ஒரு பதில் எழுதி வை" என்றேன்.