வேப்பிலை மஞ்சளா, உரைத்த சந்தனமா?

செங்கோட்டையில் எங்கள் வீட்டில் பருவுக்கு அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைப்பாள். ஆச்சி கல்லில் சந்தனம் உரைப்பாள். என் ஓட்டு ஆச்சிக்கு. சந்தனம் பருவைப் பெரிதாகக் குறைக்காது, ஆனால் விழுது வழவழப்பு, தோலை உரசாது. வேப்பிலை கிருமியை அடக்கும், சரி. அம்மியில் மசியாத நார்தான் உடைந்த பருவில் உராயும். தங்கை வேப்பிலை விழுதைப் பூசி அரை மணி நேரம் காயவிட்டாள். உடனே எரிந்து, கன்னம் சிவந்து, அப்புறம் தோல் உரிந்தது. இது உறுத்தல்.

ஒவ்வாமை வேறு. மஞ்சளோ சந்தனமோ, பூசி 2, 3 நாள் கழித்துக்கூட அரித்துத் தடிக்கலாம். அதனால் எதுவானாலும் முழங்கை மடிப்பில் தினம் ஒரு பொட்டு வைத்து ஒரு வாரம் பார்ப்பேன். முகத்தில் 10 நிமிடம்தான், காயுமுன் கழுவிவிடுவேன். கடைப் பொடியில் வாசனை கலந்திருக்கலாம் என்று சந்தனத்தைக் கட்டையாகவே வாங்குகிறோம்.