வெண்பட்டு வேட்டியும் கம்பளிச் சட்டையும்: ஒரே பிணைப்பு, இரு கட்டமைப்புகள்

சேலத்து வெண்பட்டு வேட்டியிலிருந்து ஓர் இழையை உருவி இழுத்தால், அது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நீண்டதும் அறுந்துவிடும். ஏற்காட்டுக் குளிருக்கு அணியும் கம்பளிச் சட்டையின் ஒற்றை மயிரிழையோ, நீராவியில் காட்டி இழுத்தால், ஏறத்தாழ இருமடங்கு நீளும். (சட்டையின் நெகிழ்வில் பெரும்பங்கு பின்னலுக்குரியது, ஒற்றை இழையை எடுத்துக்கொள்வது அதனால்தான்.) இரண்டும் அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோத்த புரதங்களே; இரண்டையும் நிலைநிறுத்துவது, ஒரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜனுக்கும் மற்றொன்றின் நைட்ரஜனோடு சேர்ந்த ஹைட்ரஜனுக்கும் இடையே உண்டாகும் ஹைட்ரஜன் பிணைப்பே. அப்பிணைப்பு யாரோடு, எந்தத் திசையில் அமைகிறது என்பதே வேறுபாடு.

கம்பளியில் உள்ள ஆல்ஃபா சுருளில், ஒவ்வொரு அமினோ அமிலத்தின் ஆக்சிஜனும் அதே சங்கிலியில் நான்கு இடம் தள்ளியுள்ள அமினோ அமிலத்தின் ஹைட்ரஜனைப் பற்றிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள். ஒவ்வொன்றும் சுருளை 0.15 நானோமீட்டர் உயர்த்துகிறது. பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துண்டின் உயரம் 1.5 நானோமீட்டர், அதற்குள் ஆறு பிணைப்புகளே அமையும், ஏனெனில் இரு முனைகளிலும் நான்கு நான்கு குழுக்களுக்கு இணை கிடைப்பதில்லை. குட்டையான சுருள்கள் தனித்து நிற்கத் திணறுவது இதனால்தான்.

பட்டின் பீட்டா தாளில் சங்கிலி ஏறத்தாழ முழுவதும் நீண்டு கிடக்கிறது. ஒரு தனி இழை தனக்குள் பிணைப்பு எதையும் அமைக்க இயலாது. பக்கத்தில் ஓடும் மற்றோர் இழை தேவை. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடினால் பிணைப்புகள் நேராக நிற்கின்றன. ஒரே திசையில் ஓடும் இழைகளிடையே அவை சாய்ந்து அமைகின்றன. பட்டில் கிளைசினும் அலனினும் மாறி மாறி வருவதால், தாளின் ஒரு முகத்தில் கிளைசினும் மறுமுகத்தில் அலனினும் நின்று, தாள்கள் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. அதிகக் கிளைசின் சுருளுக்கு உகந்ததும் அன்று.

இழுவையை எடுத்துக்கொண்டால், சுருளின் பிணைப்புகள் இழையின் நீளவாட்டில் உள்ளன. இழுத்தவுடன் அவையே முதலில் அறுகின்றன. தாளின் பிணைப்புகள் குறுக்காக இருப்பதால், சுமையைச் சங்கிலியின் வலுவான முதன்மைப் பிணைப்புகளே தாங்குகின்றன. பட்டு சிறிது நீள்வதும் தாள்களாலன்று, அவற்றுக்கிடையேயுள்ள ஒழுங்கற்ற பகுதிகளால்தான்.

கம்பளி நீராவியில் இருமடங்காவதற்கும் காரணம் இதுவே: சுருள்கள் அவிழ்ந்து பீட்டா வடிவமாகின்றன. ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 ஆக இருந்த நீளம் ஏறத்தாழ 0.33 நானோமீட்டராகிறது, அதாவது இருமடங்குக்குச் சற்று மேல். ஆஸ்ட்பரி என்னும் ஆய்வாளர் 1930களில் எடுத்த ஊடுகதிர் படங்களில் இம்மாற்றம், 0.51 நானோமீட்டருக்குரிய புள்ளி மறைந்து 0.33க்குரியது தோன்றுவதாகப் பதிவானது. சுருளின் சரியான வடிவத்தைப் பாலிங், கோரே, பிரான்சன் மூவரும் 1951இல்தான் முன்வைத்தனர். நீண்ட கம்பளி மீண்டும் சுருங்குவதை ஹைட்ரஜன் பிணைப்பின் கணக்கில் மட்டும் எழுதிவிடுவது பொருத்தமில்லை. சங்கிலிகளைக் குறுக்காகக் கட்டியிருக்கும் கந்தகப் பிணைப்புகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.