ஒன்றரை மணிநேரப் பேச்சைப் பதினான்கு நிமிடமாக்க எது நல்லது?

கிளிநொச்சியில் பெரும்போக விதைப்புக்கு முன் கமக்காரருக்காக நடந்த ஒரு பேச்சை ஓபிஎஸ் என்ற பதிவுச் செயலியில் பதிவு செய்திருந்தோம். நீளம் 92 நிமிடம், கோப்பு ஏறத்தாழ 1.8 ஜிபி. வயலில் நின்று கைபேசியில் பார்க்கிறவருக்குத் தேவை மூன்றே பகுதிகள்: விதைநெல், குளத்துத் தண்ணீர், பசளை.

யூடியூப் ஸ்டூடியோவில் வெட்டுவது எளிது. ஆனால் முழுக் கோப்பையும் முதலில் ஏற்ற வேண்டும். மொபைல் டேட்டாவில் அது பெரிய செலவு. வெட்டியபின் ஏற்றினால் 280 எம்பி போதும். பேச்சு யூடியூபிலேயே நேரலையாகப் போயிருந்தால் மட்டும் ஸ்டூடியோவைத் தேர்ந்தெடுப்பேன்.

மடிக்கணினியிலேயே, கட்டளை எழுதி இயக்கும் ffmpeg செயலியால் வெட்ட இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, படத்தைத் தொடாமல் நகலெடுப்பது:

```
ffmpeg -ss 00:31:05 -i pechu.mp4 -t 315 -c copy p2.mp4
```

சில விநாடிகளில் முடிந்துவிடும், தரமும் குறையாது. லாஸ்லெஸ்கட் செயலி இதையே பொத்தான்களோடு செய்கிறது. சிக்கல் கீஃபிரேமில். முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட அந்த ஃபிரேமிலிருந்துதான் நகலைத் தொடங்க முடியும். ஓபிஎஸ்ஸில் கீஃபிரேம் இடைவெளியைத் தானியங்கியாக விட்டிருந்ததால், எங்கள் பதிவில் அவை எட்டு விநாடிக்கு ஒன்றுதான். தண்ணீர்ப் பகுதியைத் திறந்தால், முந்தைய கேள்வியின் வால் முதலில் கேட்டது. சில பிளேயர்களில் தொடக்கத்தில் படம் உறைந்து நின்றது.

இரண்டாவது, படத்தையும் ஒலியையும் புதிதாகக் குறியாக்கும் ரீ-என்கோட்:

```
ffmpeg -ss 00:31:05 -i pechu.mp4 -t 315 -c:v libx264 -crf 23 -c:a aac p2.mp4
```

சொன்ன இடத்திலேயே சரியாக வெட்டும். பழைய மடிக்கணினியில் பொறுத்திருக்க வேண்டும், ஆனால் செய்யப்போவது 14 நிமிடத்தைத்தானே. பேச்சில் வாக்கியம் முறிந்தால் பொருளே மாறிவிடும். அதனால் என் தேர்வு இதுதான். அப்புறம் ஒன்று: ஒரு துண்டை நகலாகவும் மற்றதை ரீ-என்கோடாகவும் கலந்து ஒட்டாதீர்கள். அமைப்புகள் பொருந்தாமல், இணைப்பு வரும் இடத்தில் படம் சிதறலாம். மூன்றையும் ஒரே விதமாகச் செய்யுங்கள்.

எடுத்த துண்டுகள் 06:10–10:40, 31:05–36:20, 58:00–62:10. நீளம் முறையே 4:30, 5:15, 4:10. மொத்தம் 13:55. மூன்றையும் ஒரே கோப்பாக ஒட்டி யூடியூபில் ஏற்றும்போது, பார்ப்பவர் வேண்டிய பகுதிக்குத் தாவ உதவும் அத்தியாய நேரங்களை மூலப் பதிவிலிருந்து எழுதக் கூடாது, துண்டுகளின் நீளத்தைக் கூட்டித்தான் எழுத வேண்டும்:

```
00:00 விதைநெல்
04:30 குளத்துத் தண்ணீர்
09:45 பசளை
```

யூடியூப் விவரணையில் இதை ஒட்டினால் அத்தியாயங்கள் வந்துவிடும். முதல் நேரம் 00:00 ஆக இருக்க வேண்டும், குறைந்தது மூன்று நேரங்கள் ஏறுவரிசையில் வேண்டும், ஒவ்வொன்றும் பத்து விநாடியாவது நீள வேண்டும். நகல் வழியில் துண்டுகள் சில விநாடி கூடிவிடுவதால் இந்தக் கணக்கு பிசகும். அப்படி வெட்டியிருந்தால், ஒட்டி முடித்த கோப்பை ஓடவிட்டு நேரத்தைப் பார்த்து எழுதுங்கள்.

வாட்ஸ்அப்பில் அத்தியாயங்கள் தெரியாது. எங்கள் கமக்காரர் பலரும் அங்கேதான் பார்க்கிறார்கள். ஆகவே அவர்களுக்கு ஒட்டாமல், மூன்று துண்டுகளையும் தலைப்போடு தனித்தனியாக அனுப்பினோம்.